நேர்காணலுக்கு வருபவர்களில் மூன்று பேர் மாற்றுத்திறனாளிகள்: அழைப்புக் கடிதம் முதல் அறை வரை என்னென்ன பார்க்க வேண்டும்?

துறைமுகத் தோழி

எல்லோருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டையில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் நிர்வாகம் பார்க்கிறேன். எங்களிடம் மொத்தம் 24 பேர் வேலை செய்கிறார்கள். ஆவணப் பிரிவுக்கு இரண்டு பேர் எடுக்கப் போகிறோம். ஷிப்பிங் பில் தயாரிப்பது, இன்வாய்ஸையும் பேக்கிங் லிஸ்டையும் ஒப்பிட்டுச் சரிபார்ப்பது, இதுதான் வேலை. முதலில் ஒரு மணி நேரம் எக்செல் தேர்வு, அப்புறம் அரை மணி நேரம் பேச்சு.

அழைக்கப் போகிறவர்களில் மூன்று பேர் விண்ணப்பத்திலேயே குறிப்பிட்டிருக்கிறார்கள். ஒருவருக்குக் காது கேட்காது. ஒரு பெண்ணுக்கு முழுமையாகப் பார்வை இல்லை. இன்னொருவர் சக்கர நாற்காலியில் வருபவர். மூவருமே தகுதியில் நன்றாக இருக்கிறார்கள்.

எங்கள் அலுவலகம் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடி. லிஃப்ட் கிடையாது. வாசலில் மூன்று படி, அதற்கு மேல் குறுகலான மாடிப்படி. காலடிப்பேட்டைப் பக்கம் எங்களுக்கு ஒரு குடோன் இருக்கிறது. அதை ஒட்டித் தரைத்தளத்தில் ஓர் அலுவலக அறை உண்டு. அங்கே வைக்கலாமா என்று யோசிக்கிறேன்.

காது கேட்காதவரை எங்கள் பையன் இரண்டு தடவை போனில் கூப்பிட்டுவிட்டு, "பதில் இல்லை" என்று பட்டியலில் எழுதி வைத்திருந்தான். விண்ணப்பத்தைத் திரும்பப் படித்தபோதுதான் எனக்குக் காரணம் புரிந்தது. இதுபோல் கண்ணில் படாத இடங்கள் இன்னும் எத்தனை இருக்குமோ என்று கவலையாக இருக்கிறது. இரண்டு வாரம் நேரம் இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சட்டக்கல்லூரி செல்வம்

முதலில் சட்டத்தைப் பாருங்கள் மேடம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி எல்லா நிறுவனங்களும் 4 சதவீத இடம் ஒதுக்க வேண்டும். 24 பேர் என்றால் ஒரு இடம். அந்த இடத்தைத் தனியாக எடுத்து வைத்து, இந்த மூன்று பேரையும் அதற்கு மட்டும் தனி நாளில் கூப்பிடுங்கள். சிக்கல் தீர்ந்தது.

வெண்கோல்

செல்வம் தம்பி, பாதி சரி. 4 சதவீத ஒதுக்கீடு அரசு நிறுவனங்களுக்கு. அது சட்டத்தின் 34ஆம் பிரிவு. தனியார் நிறுவனங்களைப் பற்றி 35ஆம் பிரிவு பேசுகிறது. ஊழியர்களில் குறைந்தது 5 சதவீதம் மாற்றுத்திறனாளிகளாக இருக்கும்படி அரசு அவர்களுக்கு ஊக்கம் தரும் என்று சொல்கிறது. அது கட்டாய ஒதுக்கீடு அல்ல.

ஆனால் தோழியின் நிறுவனத்துக்குக் கட்டாயமான ஒன்று இருக்கிறது. 21ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும். 2017 விதிகளின்படி 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனம் அதில் என்னென்ன வசதி இருக்கிறது, ஆட்களை எப்படித் தேர்வு செய்கிறோம் என்பதையும் எழுத வேண்டும். உங்களிடம் 24 பேர். இப்போது இங்கே கேட்பதையெல்லாம் எழுதி வைத்தால் அந்தக் கொள்கையில் பாதி முடிந்துவிடும்.

தனி நாள் வேண்டவே வேண்டாம். மற்றவர்களுக்கு ஒரு நாள், எங்களுக்கு ஒரு நாள் என்றால் ஒப்பிட்டுப் பார்க்கவே முடியாது. கடைசியில் "பாவம்" என்ற கணக்கில் முடிந்துவிடும். எல்லோரும் ஒரே நாள், ஒரே இடம். அந்த இடம் எல்லோரும் வரக்கூடிய இடமாக இருக்கட்டும்.

நான் பார்வையில்லாதவன். வங்கியில் வேலை செய்கிறேன், பெரம்பூரில் இருக்கிறேன். அழைப்புக் கடிதத்தை எந்த வடிவத்தில் அனுப்புகிறீர்கள் என்று மட்டும் முதலில் சொல்லுங்கள்.

துறைமுகத் தோழி

லெட்டர்ஹெட்டில் தமிழில் தட்டச்சு செய்து, பிடிஎஃப் ஆக்கி, வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் அனுப்புவோம். சில சமயம் கையெழுத்துப் போட்டு ஸ்கேன் செய்வோம். இடத்தைக் காட்ட வரைபடத்தின் ஸ்கிரீன்ஷாட் ஒன்றும் சேர்ப்போம்.

வெண்கோல்

நான் பயந்தது இதைத்தான். ஸ்கேன் செய்தது ஒரு படம். திரையில் உள்ள எழுத்தைக் குரலில் வாசிக்கும் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் அதைத் திறந்தால் வெற்றுப் பக்கம் என்றுதான் சொல்லும். வரைபட ஸ்கிரீன்ஷாட்டும் அப்படியே.

தட்டச்சு செய்த பிடிஎஃப் பரவாயில்லை என்று நினைப்பீர்கள். அதில்தான் நம் ஊருக்கே உரிய ஒரு கண்ணி இருக்கிறது. உங்கள் அலுவலகக் கணினியில் பாமினி மாதிரி பழைய எழுத்துரு இருக்கிறதா? அதில் அடித்தால் கண்ணுக்குத் தமிழ் தெரியும். ஆனால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். "நேர்காணல்" என்று நீங்கள் அடித்தது கோப்புக்குள் இப்படித்தான் இருக்கும்:

```
Neu;fhzy;
```

திரைவாசிப்பான் இதைத்தான் வாசிக்கும். கடிதம் முழுக்க இப்படி. முன்பு எனக்கு வந்த ஒரு அழைப்பில் தேதியும் நேரமும் மட்டும்தான் புரிந்தன. எந்த இடம், என்ன கொண்டுவர வேண்டும் என்பதைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் படிக்கச் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

உங்கள் கடிதம் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஒரு சுலபமான வழி சொல்கிறேன். பிடிஎஃப்பைத் திறந்து Ctrl+A, Ctrl+C அழுத்துங்கள். நோட்பேடில் Ctrl+V. அங்கே தமிழ் தமிழாகவே வந்தால் யூனிகோட், கவலையில்லை. மேலே காட்டியது மாதிரி வந்தால் பழைய எழுத்துரு. எதுவுமே வரவில்லை என்றால் அது படம். சில பிடிஎஃப்களில் யூனிகோடில் அடித்திருந்தாலும் நகல் எடுக்கும்போது கொம்பும் துணைக்காலும் இடம் மாறி வரும். அதனால் என் ஆலோசனை, விஷயம் முழுவதையும் மின்னஞ்சலின் உள்ளேயே சாதாரண எழுத்தாக அடித்துவிடுங்கள். கையெழுத்துப் போட்ட பிடிஎஃப்பை இணைப்பாக வையுங்கள்.

துறைமுகத் தோழி

பார்த்துவிட்டேன் சார். நோட்பேடில் ஒரே ஆங்கில எழுத்து. பத்து வருஷமாக இதைத்தான் எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறது எங்கள் அலுவலகம். இன்றைக்கே மாற்றச் சொல்லிவிட்டேன்.

பாரிமுனை பழனி

நான் சிவில் கான்ட்ராக்டர். மூன்று படிக்கு எதுக்கும்மா குடோன் வரைக்கும் போகணும்? ஆறடிப் பலகை ஒன்றைப் படி மேல் சாய்த்துவிட்டால் வண்டி ஏறிவிடும். மாடிக்கு நம் பையன்கள் நாலு பேர் நாற்காலியோடு தூக்கிவிடுவார்கள். அரை மணி நேர விஷயம்.

ஸ்கூட்டர் உலகு

பழனி அண்ணே, உங்கள் மனசு நல்ல மனசு. ஆனால் இது ஆபத்து. எனக்குச் சின்ன வயசில் போலியோ. ஊன்றுகோலும், இணைப்புச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரும்தான் எனக்குக் கால்.

கணக்கைப் பாருங்கள். ஒரு படி 15 செ.மீ. உயரம் என்றால் மூன்று படிக்கு 45 செ.மீ. சாய்தளத்துக்கு 1:12 என்பது பொதுவான விதி. அதாவது ஒரு அடி ஏற 12 அடி நீளம் வேண்டும். 45 செ.மீ. ஏற 540 செ.மீ., கிட்டத்தட்ட 18 அடி. மேலேயும் கீழேயும் வண்டி நிற்கச் சமதளம் வேறு. உங்கள் ஆறடிப் பலகை 1:4 சாய்வு. முன்சக்கரம் தூக்கிக்கொண்டு ஆள் பின்பக்கமாகக் கவிழ்வார்.

தூக்குவது பற்றி: நான் ஒரு நேர்காணலுக்குப் போனபோது செக்யூரிட்டியும் டீ வாங்கி வரும் பையனும் என்னைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறினார்கள். சட்டை கசங்கி, வியர்த்து, என் உடம்பு யார் கையிலோ இருந்த நிலையில் உள்ளே போய் உட்கார்ந்தேன். முதல் பத்து நிமிஷம் என்ன கேட்டார்கள் என்றே மனசில் ஏறவில்லை. அவர்கள் கை நழுவியிருந்தால் இடுப்பு போயிருக்கும். தூக்குவதை ஏற்பாடு என்று யாரும் சொல்லாதீர்கள்.

தோழி, குடோன் அறை வாசலில் எத்தனை படி?

துறைமுகத் தோழி

ஒரே ஒரு படி. டேப் வைத்து அளந்தேன், 15 செ.மீ. கதவு இரட்டைக் கதவு, இரண்டையும் திறந்தால் 110 செ.மீ. கழிப்பறைக் கதவுதான் குறுகல், 60 செ.மீ.

பாரிமுனை பழனி

உலகு தம்பி சொன்ன கணக்கை ஒத்துக்கொள்கிறேன். நான் சொன்னது சரக்கு ஏற்றுகிற பழக்கத்தில் வந்தது. ஒரு படிக்கு 180 செ.மீ. போதும். செக்கர் பிளேட்டில் அடித்து, இரண்டு ஓரத்திலும் சக்கரம் விலகாதபடி ஒரு பட்டி வைத்து, மேல் முனையைப் படியில் மாட்டுவது போல் கொக்கி போட்டுவிட்டால் நகராது. அகலம் 100 செ.மீ. வையுங்கள். வெல்டிங் கடையில் ஒரே நாளில் முடியும். மழை நேரத்தில் வெறும் தகடு வழுக்கும். அதனால்தான் செக்கர் பிளேட் என்கிறேன்.

கழிப்பறைக் கதவு 60 என்றால் வண்டி போகவே போகாது. வண்டியே 65 வரும். சக்கரத்தைத் தள்ளும் கைக்கும் இடம் வேண்டும். நிலையை எடுத்து 90 ஆக்கி, கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி வைக்கலாம். இரண்டு மூன்று நாள் கொத்து வேலை.

துறைமுகத் தோழி

குடோன் வாடகை இடம். நிலையை உடைக்க உரிமையாளர் சம்மதிக்க வேண்டும். கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.

ஸ்கூட்டர் உலகு

அதுவரை அழைப்பிலேயே உண்மையைச் சொல்லிவிடுங்கள். சக்கர நாற்காலி போகக்கூடிய கழிப்பறை இங்கே இல்லை, மெட்ரோ நிலையத்தில் இருக்கிறது என்று. போகிற இடத்தில் வசதி இருக்காது என்று நினைத்தால் எங்களில் பலர் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டோம். சென்னை வெயிலில் அப்படி வந்து ஒரு மணி நேரத் தேர்வு எழுதினால் தலை சுற்றும். முன்கூட்டியே தெரிந்தால் அதற்கு ஏற்ற மாதிரி கிளம்புவார்கள்.

இன்னொன்று. அவர் மெட்ரோவில்தான் வருவார் என்று முடிவு கட்டாதீர்கள். நிலையத்தில் லிஃப்ட் இருக்கிறது, சரி. அது சாலையின் எந்தப் பக்கம் இறங்குகிறது? எதிர்ப்பக்கம் என்றால் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே கடக்க வேண்டும். நடைபாதையில் மின்பெட்டி, தள்ளுவண்டி, மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிய பள்ளம் என்று எதுவும் இருக்கலாம். நீங்களே அந்த லிஃப்டில் இறங்கி, ஒரு டிராலியைத் தள்ளிக்கொண்டு குடோன் வரை நடந்து பாருங்கள். எங்கே தூக்க வேண்டி வருகிறதோ அங்கே அவரும் நிற்பார்.

என்னை மாதிரி ஸ்கூட்டரில் வருபவர் என்றால் கதை வேறு. வண்டியை வாசலுக்கு ஒட்டி நிறுத்த ஓர் இடம் வேண்டும். சிலர் மடக்கிய சக்கர நாற்காலியை ஆட்டோவில் ஏற்றி வருவார்கள், அவர்களுக்கு ஆட்டோ உள்ளே வர கேட் திறந்திருக்க வேண்டும். அதனால் அவரிடமே கேட்டுவிடுங்கள்.

எண்ணூர் அம்மா

என் மகனுக்கும் காது கேட்காது. ஐடிஐ முடித்திருக்கிறான். மாற்றுத்திறனாளிகளுக்கான யூடிஐடி அடையாள கார்டு விண்ணப்பித்து ரொம்ப நாளாகிறது. கார்டு இல்லாமல் இந்த நேர்காணலுக்கு வரலாமா? எந்த கம்பெனி என்று சொன்னால் நாளைக்கே அழைத்து வருகிறேன். நான் கூட இருந்தால்தான் அவனுக்குப் புரியும். நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிடுவேன்.

துறைமுகத் தோழி

அம்மா, இந்தத் தடவை விண்ணப்பம் முடிந்துவிட்டது. எங்களுக்கு ஏற்பாடு செய்ய கார்டு தேவையில்லை, சொன்னாலே போதும். அடுத்த முறை எடுக்கும்போது உங்களுக்குத் தனிச்செய்தி அனுப்புகிறேன்.

நீங்கள் கேட்டதில் எனக்கும் ஒரு கேள்வி எழுகிறது. எங்களிடம் விண்ணப்பித்தவரும் அக்காவை அழைத்து வரட்டுமா என்று குறுஞ்செய்தியில் கேட்டிருக்கிறார். சரி என்று சொல்லலாமா?

கைமொழி

நான் சைகைமொழிபெயர்ப்பாளர். என் அப்பா அம்மா இருவருக்கும் காது கேட்காது. பத்து வயசிலிருந்தே அவர்களுக்காகப் பேங்கிலும் ஆஸ்பத்திரியிலும் பேசியவள்.

அம்மா, தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டுக்காரர்கள் பேசினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், நானே செய்திருக்கிறேன். கேள்வி நீளமாக இருந்தால் சுருக்கிச் சொல்வோம். பிள்ளை தடுமாறினால் நாமே பதிலைச் சேர்த்துச் சொல்வோம். கேட்கிறவரும் கொஞ்ச நேரத்தில் நம்மைப் பார்த்தே பேச ஆரம்பித்துவிடுவார். கடைசியில் நேர்காணல் நமக்கு நடந்திருக்கும், அவனுக்கு நடந்திருக்காது.

தோழி, அக்கா துணைக்கு வரட்டும், வெளியே இருக்கட்டும். உள்ளே மொழிபெயர்ப்பாளரை நீங்கள் ஏற்பாடு செய்து, செலவையும் நீங்களே ஏற்க வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று கேளுங்கள்: அவர் சைகை மொழி பயன்படுத்துகிறாரா, உதட்டசைவைப் படிக்கிறாரா, காதுக்கருவி வைத்திருக்கிறாரா, எழுதிப் பேச விரும்புகிறாரா? காது கேட்காதவர்கள் எல்லோருக்கும் சைகை தெரியும் என்று நினைப்பது தவறு. எழுதிக் காட்டினால் எல்லோருக்கும் போதும் என்று நினைப்பதும் தவறு. சைகையிலேயே வளர்ந்தவருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாவது மொழி மாதிரி. வேற்றுமை உருபுகள் விட்டுப்போகும். அதைப் பார்த்து அறிவைக் குறைத்து எடைபோட்டுவிடுவார்கள்.

துறைமுகத் தோழி

கேட்டேன். சைகை மொழிதான், காதுக்கருவி ஒன்றும் வைத்திருக்கிறார். சத்தம் கேட்கும், பேச்சு பிரியாது என்று எழுதியிருக்கிறார். மொழிபெயர்ப்பாளரை எங்கே பிடிப்பது? அன்றைக்கு நாங்கள் என்ன கவனிக்க வேண்டும்?

கைமொழி

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். காது கேளாதோர் பள்ளிகளிலும் சொல்வார்கள். இப்போதே பேசி வைத்துவிடுங்கள், கடைசி நாளில் யாரும் கிடைக்க மாட்டார்கள். அரை மணி நேரப் பேச்சு என்பதால் ஒருவர் போதும். ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் இரண்டு பேர் வேண்டும், இருபது முப்பது நிமிஷத்துக்கு ஒரு தடவை மாற்றிக்கொள்வோம். கை களைப்பதை விட மூளை முதலில் களைத்துவிடும். வார்த்தைகள் விட்டுப்போவது எங்களுக்கே தெரியாது.

உங்கள் துறைச் சொற்களை முந்தின நாளே அனுப்புங்கள். பில் ஆஃப் லேடிங், பில் ஆஃப் என்ட்ரி, ஷிப்பிங் பில், எச்எஸ் கோடு. பலவற்றுக்குச் சைகை இருக்காது, ஒவ்வொரு எழுத்தாக விரலில் காட்ட வேண்டும். முதல் தடவை எழுத்து எழுத்தாகக் காட்டிவிட்டு, இந்தப் பேச்சுக்கு மட்டும் ஒரு சைகையை அவரோடு சேர்ந்து வைத்துக்கொள்வோம். பில் ஆஃப் லேடிங்கும் பில் ஆஃப் என்ட்ரியும் வேறு வேறு என்று எனக்கே தெரியாமல் உட்கார்ந்தால், அவர் சரியாகச் சொன்ன பதில் உங்கள் காதுக்குத் தப்பாக வந்து சேரும்.

உட்காரும் இடம்: மொழிபெயர்ப்பாளர் கேள்வி கேட்பவருக்குப் பக்கத்தில், விண்ணப்பித்தவர் எதிரே. அப்போதுதான் அவர் இரண்டு முகத்தையும் ஒரே பார்வையில் பார்க்க முடியும். உங்கள் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் வேண்டாம். வெளிச்சம் பின்னாலிருந்து அடித்தால் உங்கள் முகமும் எங்கள் கையும் கறுத்துத் தெரியும். "அவரிடம் கேளுங்கள்" என்று எங்களைப் பார்த்துச் சொல்லாதீர்கள், அவரைப் பார்த்து நேராகக் கேளுங்கள். ஒரு காகிதத்தைக் கொடுத்தால் அவர் படித்து முடித்து நிமிரும் வரை பேச வேண்டாம். அவரால் காகிதத்தையும் கையையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. இந்த ஒரு இடத்தில்தான் எல்லா நேர்காணலிலும் தவறு நடக்கிறது. இன்வாய்ஸைக் கையில் கொடுத்துவிட்டு அதைப் பற்றியே பேசிக்கொண்டு போவார்கள். அவர் தலையைத் தூக்கும்போது கேள்வி முடிந்திருக்கும்.

காத்திருக்கும் இடத்தில் பெயரைக் கூப்பிடாதீர்கள். யாராவது நேரில் போய்க் கையசைத்து அழைத்து வரட்டும்.

குடோன் என்கிறீர்களே, ஃபோர்க்லிஃப்ட் ஓடுமா?

துறைமுகத் தோழி

ஓடும். அறைக்கு வெளியேதான். பின்னால் எடுக்கும்போது பீப் பீப் என்று அலறும்.

கைமொழி

காதுக்கருவி எல்லாச் சத்தத்தையும் சேர்த்துப் பெரிதாக்கும். அந்த பீப் அவருக்கு மண்டைக்குள் அடிக்கும். பலர் தாங்க முடியாமல் கருவியைக் கழற்றி வைத்துவிடுவார்கள்.

வெண்கோல்

எங்களுக்கும் அது முக்கியம். சத்தத்தை வைத்துத்தான் எங்கே வண்டி, எங்கே சுவர் என்று தெரிந்துகொள்கிறோம். மின்சார ஃபோர்க்லிஃப்ட் முன்னால் வரும்போது சத்தமே இருக்காது. அதன் இரும்பு நாக்கு தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி இருந்தால் வெண்கோல் அதன் அடியில் போய்விடும், முழங்காலில் இடிக்கும் வரை தெரியாது. அன்றைக்கு அந்த நேரத்தில் சரக்கு இறக்குவதை நிறுத்த முடியுமா என்று முதலாளியிடம் கேளுங்கள்.

துறைமுகத் தோழி

கேட்டாயிற்று. காலை பத்திலிருந்து ஒரு மணி வரை சரக்கு இறக்குவதில்லை என்று ஒத்துக்கொண்டார். கேட்டிலிருந்து அறை வரை மஞ்சள் கோடு போட்டு, அந்த வழியில் பேலட் எதுவும் வைக்கக் கூடாது என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன்.

அழைப்பு வாசகத்தை எழுதிவிட்டேன். எல்லோருக்கும் இதே மின்னஞ்சல்தான் போகிறது. பார்த்துச் சொல்லுங்கள்:

"நேர்காணல் வியாழக்கிழமை காலை 10 மணிக்கு, காலடிப்பேட்டையில் உள்ள எங்கள் குடோன் அலுவலகத்தில். முதலில் கணினியில் எக்செல் தேர்வு, ஒரு மணி நேரம். பிறகு இரண்டு பேர் உங்களுடன் அரை மணி நேரம் பேசுவார்கள். அறை தரைத்தளத்தில் இருக்கிறது, வாசலில் சாய்தளம் உண்டு. சக்கர நாற்காலி போகக்கூடிய கழிப்பறை இங்கே இல்லை, மெட்ரோ நிலையத்தில் இருக்கிறது. சைகைமொழிபெயர்ப்பாளர், திரைவாசிப்பான் உள்ள கணினி, கூடுதல் நேரம், வாசலில் வண்டி நிறுத்தும் இடம், அல்லது வேறு எது தேவையானாலும் செவ்வாய்க்கிழமைக்குள் இந்த மின்னஞ்சலுக்குப் பதிலாகவோ வாட்ஸ்அப்பிலோ எழுதுங்கள். இதைக் கேட்பது தேர்வு முடிவைப் பாதிக்காது."

வெண்கோல்

நன்றாக இருக்கிறது. "உங்கள் குறை என்ன" என்று கேட்காமல் "என்ன தேவை" என்று கேட்டிருக்கிறீர்கள், எல்லோரிடமும் கேட்டிருக்கிறீர்கள். விண்ணப்பத்தில் சொல்லாத யாராவதுகூட இதைப் பார்த்து எழுதக்கூடும்.

இடத்தைப் பற்றி ஒன்று சேர்க்க வேண்டும். நம் பகுதியில் ஒரே கட்டடத்துக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருக்கும். எந்த எண் எது என்று எழுதுங்கள். அப்புறம் வழியை வார்த்தையில் எழுதுங்கள். நிலையத்தின் எந்த வாசல், வெளியே வந்து எந்தக் கைப்பக்கம் திரும்ப வேண்டும், எத்தனையாவது தெரு, கேட் இரும்பா, தெருவோடு ஒட்டி இருக்கிறதா உள்ளே தள்ளி இருக்கிறதா. வரைபட இணைப்பின் புள்ளி கேட்டில் நிற்கிறதா பின்பக்கச் சுவரில் நிற்கிறதா என்றும் பாருங்கள். குடோன்களில் பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் நிற்கும், ஆட்டோக்காரர் அங்கேயே இறக்கிவிட்டுப் போய்விடுவார்.

தேர்வுக்கு வருவோம். கணினியில் என்விடிஏ நிறுவுங்கள், இலவசம்தான். பென்டிரைவில் வைத்தும் ஓட்டலாம், அவரே தன் அமைப்புகளோடு கொண்டு வரக்கூடும். ஆகவே யூஎஸ்பி பூட்டு இருந்தால் அன்றைக்கு எடுத்துவிடுங்கள். ஹெட்போன் வையுங்கள். மாதிரி இன்வாய்ஸை அச்சடித்துக் கொடுக்காமல் எக்செல் கோப்பாகவே கொடுங்கள். அதில் மெர்ஜ் செய்த கட்டங்கள் வேண்டாம், எந்தத் தலைப்பின் கீழ் எந்த எண் என்று காதுக்குக் குழம்பும். தவறான வரிக்கு மஞ்சள் நிறம் பூசச் சொல்லாதீர்கள், பக்கத்துக் கட்டத்தில் "தவறு" என்று எழுதச் சொல்லுங்கள். இதை எல்லோருக்குமே அப்படி வைத்துவிடலாம்.

துறைமுகத் தோழி

கூடுதல் நேரம் எவ்வளவு கொடுப்பது? முதலாளி இதில்தான் தயங்குகிறார். "வேலையில் வேகம் வேண்டும், கப்பல் காத்திருக்காது" என்கிறார்.

வெண்கோல்

அரசுத் தேர்வுகளுக்கு ஒரு அளவு இருக்கிறது: மணிக்குக் குறைந்தது 20 நிமிஷம். உங்களைக் கட்டுப்படுத்தாது, ஆனால் அதையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு மணி நேரத் தேர்வுக்கு 80 நிமிஷம். முன்பின் தெரியாத கணினியில், தெரியாத கோப்பின் அமைப்பைக் காதால் கேட்டு மனசில் வரைந்துகொள்ளவே பத்து நிமிஷம் போகும். வேலையில் சேர்ந்து தினமும் அதே வடிவத்தில் கோப்பு வந்தால் அந்தப் பத்து நிமிஷம் இருக்காது. இதை முதலாளியிடம் சொல்லுங்கள்.

சட்டக்கல்லூரி செல்வம்

ஒரு சந்தேகம். வேலையில் வரும் இன்வாய்ஸ் எல்லாம் எக்செலில் வராது, ஸ்கேன் செய்த பிடிஎஃப் ஆகத்தான் வரும். தேர்வில் எக்செல் கொடுத்து எடுத்துவிட்டு, வேலையில் ஸ்கேன் கொடுத்தால் அவருக்கே கஷ்டம் இல்லையா?

வெண்கோல்

நியாயமான கேள்வி. படத்தில் உள்ள எழுத்தைப் படித்தெடுக்கும் ஓசிஆர் மென்பொருள், அச்சிட்ட ஆங்கில இன்வாய்ஸைப் பெரும்பாலும் ஒழுங்காக எடுத்துக் கொடுக்கும். கையால் எழுதித் திருத்திய எண்ணையும், மேலே முத்திரை விழுந்த எண்ணையும் விட்டுவிடும் அல்லது மாற்றிவிடும். இந்த வேலையில் ஒரு இலக்கம் மாறினாலே பிரச்சினை. இதை நேர்காணலில் அவரிடமே கேளுங்கள்: "இப்படி ஒரு கோப்பு வந்தால் எப்படிச் சமாளிப்பீர்கள்?" அவருக்கு ஒரு வழி இருக்கும். மற்றவர்களிடமும் கையெழுத்து புரியாத இன்வாய்ஸுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்பீர்கள்தானே. எல்லா இன்வாய்ஸுக்கும் அந்த வழி போதுமா என்றால், உங்கள் கோப்புகளைப் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது.

ஸ்கூட்டர் உலகு

மேஜையையும் பாருங்கள். கீழே குறுக்குக் கட்டையோ டிராயரோ இருந்தால் சக்கர நாற்காலியின் முழங்கால் உள்ளே போகாது. கீபோர்டுக்கு எட்டாமல் எக்கி எக்கி அடிக்க வேண்டும். தரையிலிருந்து மேஜையின் அடிப்பலகை வரை 70 செ.மீ. இடைவெளி இருந்தால் நல்லது. அங்கே போட்டிருக்கும் நாற்காலியை முன்பே எடுத்துவிடுங்கள். வண்டி முழுசாகத் திரும்ப 150 செ.மீ. இடம் வேண்டும், கதவுக்குப் பின்னால் ஃபைல் அலமாரி இருந்தால் நகர்த்துங்கள்.

துறைமுகத் தோழி

நேற்று நேர்காணல் முடிந்தது. நடந்ததை எழுதுகிறேன்.

சக்கர நாற்காலியில் வருபவர் மெட்ரோவில் வரவில்லை, தம்பியின் ஆட்டோவில் வந்தார். கேட் திறந்திருந்ததால் ஆட்டோ சாய்தளம் வரை வந்தது, பழனி அண்ணன் சொன்ன அளவில் அடித்த தகடு அசையவில்லை. பார்வையில்லாத பெண் தன் பென்டிரைவைக் கொண்டு வந்திருந்தார். 80 நிமிஷத்தில் 70க்குள் முடித்துவிட்டார். ஸ்கேன் இன்வாய்ஸ் பற்றிக் கேட்டபோது, ஓசிஆர் எடுத்த தொகைகளை எக்செலில் கூட்டிப் பார்ப்பேன், இன்வாய்ஸின் மொத்தத்தோடு ஒத்துப்போகாவிட்டால் அதை மட்டும் ஒருவரிடம் படிக்கச் சொல்வேன் என்றார். எங்கள் ஆட்களே அப்படிக் கூட்டிப் பார்ப்பதில்லை.

காது கேட்காதவரின் பேச்சு 50 நிமிஷம் ஆனது. அரை மணி நேரம் என்று திட்டமிட்டதால் அடுத்தவர் காத்திருக்க வேண்டி வந்தது. மொழிபெயர்ப்பாளரும் கடைசியில் களைத்துவிட்டார்.

இன்னொரு விஷயம். விண்ணப்பத்தில் எதுவும் குறிப்பிடாத ஒருவர், ஒரு கண்ணில் பார்வை குறைவு, எழுத்தைப் பெரிதாக்கித் தர முடியுமா என்று செவ்வாய்க்கிழமை எழுதினார். பெரிய திரை ஒன்று கொடுத்தோம்.

கழிப்பறை நிலையை உடைக்க உரிமையாளர் இன்னும் சம்மதிக்கவில்லை. வேலைக்கு எடுத்தால் தினமும் மெட்ரோ நிலையத்துக்குப் போய் வரச் சொல்ல முடியாது.

கைமொழி

50 நிமிஷம் ஆகத்தான் செய்யும். கேள்வி போய்ப் பதில் திரும்பி வர ஒவ்வொரு தடவையும் சில விநாடி கூடும். அடுத்த முறை ஒரு மணி நேரம் ஒதுக்கி, நடுவில் ஐந்து நிமிஷம் இடைவெளி விடுங்கள்.

பாரிமுனை பழனி

உரிமையாளரிடம் நான் பேசுகிறேன்மா. காலி செய்யும்போது பழையபடி கட்டித் தருகிறோம் என்று எழுதிக் கொடுத்தால் பலர் ஒத்துக்கொள்வார்கள். அதற்கும் மாட்டேன் என்றால், முற்றத்தில் தனியாக ஒன்று கட்ட முடியுமா என்று பார்க்கலாம். கழிவுக் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து ஒரு படம் அனுப்புங்கள். பிளம்பரை அழைத்துக்கொண்டு சனிக்கிழமை வருகிறேன்.

ஸ்கூட்டர் உலகு

நானும் வருகிறேன் அண்ணே. கைப்பிடி எந்த உயரத்தில், எந்தப் பக்கம் என்பதை நாற்காலியில் வருகிற அவரே வந்து காட்டட்டும். அவரையும் கூப்பிட முடியுமா தோழி?